கல்லூரி கேன்டீன் டெண்டர்: கூட்டத்தைப் பார்த்து வாடகை சொல்லாதீங்க

சம்பளத்துல இருந்துக்கிட்டே சைடுல ஒரு தொழில் ஆரம்பிக்கணும்னு நிறைய பேர் கேக்கறீங்க. அதுல அடிக்கடி வர்ற ஐடியா உணவுத் தொழில். அதிலயும் "கல்லூரி கேன்டீன் எடுத்தா ரிஸ்க்கே இல்ல, கஸ்டமர் காம்பவுண்டுக்குள்ளயே இருக்காங்க" அப்படிங்கற நம்பிக்கை பலருக்கு இருக்கு. இந்த நம்பிக்கையோட நாலு மாசம் முன்னாடி ஒரு தம்பி என்கிட்ட வந்தார். அவர் கணக்கைத்தான் இன்னைக்கு முழுசா பிரிச்சுப் பார்க்கப் போறோம். அவர் அனுமதியோடதான் எழுதறேன். ஆள் யாரு, கல்லூரி எதுன்னு சொல்லல.

தம்பிக்கு 27 வயசு. கோவையில ஐடி வேலை, கைக்கு வர்ற சம்பளம் மாசம் 62,000. நாலு வருஷத்துல 7 லட்சம் சேர்த்து வெச்சிருக்கார். அவருடைய தாய்மாமா கல்யாண சமையல்ல இருபது வருஷ அனுபவம் உள்ள மாஸ்டர். ஊருக்குப் பக்கத்துல 1,800 பேர் படிக்கிற ஒரு கலை அறிவியல் கல்லூரியில கேன்டீன் டெண்டர் வந்திருக்கு. மூணு வருஷ ஒப்பந்தம். இதுக்கு முன்னாடி எடுத்தவங்க எவ்வளவு வாடகை கொடுத்தாங்கன்னு விசாரிச்சிட்டு, இவங்க மாசம் 60,000 எழுதலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. அடுப்பு, கிரைண்டர், ஃப்ரீசர், பாத்திரம் எல்லாத்துக்கும் 5 லட்சம். மூணு மாச வாடகை அட்வான்ஸ் 1,80,000. அவர் சேமிப்பு மொத்தமும் கிட்டத்தட்ட அதுலயே போயிடும்.

"அண்ணா, கணக்கு போட்டுட்டேன். மாசம் 2 லட்சம் நிக்குது. நீங்க ஒரு தடவை பார்த்து சரின்னு சொன்னா போதும்" அப்படின்னார்.

தம்பி போட்ட கணக்கு

அவர் சொன்னது இதுதான். 1,800 மாணவர்கள், ஆளுக்குச் சராசரியா 16, 17 ரூபாய் செலவு பண்ணினாலே ஒரு நாள் விற்பனை 30,000. மாசம் 26 நாள். மொத்த விற்பனை 7,80,000. சாப்பாட்டுச் செலவு பாதி, அதாவது 3,90,000. மீதி 3,90,000-ல வாடகை 60,000, ஆள் சம்பளம் 1,10,000, கரண்ட், தண்ணி, சில்லறை 20,000 போனா கையில 2,00,000.

பிரேக் ஈவனும் போட்டிருந்தார். அதைப் பாராட்டணும், நிறைய பேர் அதைக்கூடப் போட மாட்டாங்க. மாத நிலையான செலவு 1,90,000. அதை 26 நாளுக்குப் பிரிச்சா ஒரு நாளைக்கு 7,300 சொச்சம். நூறு ரூபாய் வித்தா அம்பது நிக்கும்னா, ஒரு நாளைக்கு 14,600 வித்தாலே நஷ்டம் இல்ல. "நாம 30,000 விக்கப் போறோம், 14,600 எங்க இருக்கு!" அப்படின்னு அவர் சொன்னபோது எனக்கே ஒரு நிமிஷம் நல்லாத்தான் இருந்தது.

சூத்திரம் சரி. நிலையான செலவை, நூறு ரூபாய் விற்பனையில மாறும் செலவு போக நிக்கிற பங்கால வகுக்கணும். அதைத்தான் பண்ணியிருக்கார். ஆனா உள்ள போட்ட மூணு எண்ணும் தப்பு. நாள் தப்பு, நிலையான செலவு தப்பு, நிக்கிற பங்கும் தப்பு. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல் தப்பு: காலண்டர்

ரோட்டுல இருக்கிற ஹோட்டலுக்கு மாசம் 26 நாள் கணக்கு சரியா இருக்கலாம். கல்லூரி அப்படி ஓடாது. ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள், ரெண்டு செமஸ்டருக்கு 180. செமஸ்டர் பரீட்சை நடக்கிற நாட்களை இன்னொரு 40-னு வெச்சுக்கோங்க. பரீட்சை அன்னைக்கு எழுத வேண்டியவங்க மட்டும்தான் வருவாங்க, எழுதி முடிச்சதும் பஸ் ஏறிடுவாங்க. அதனால 40 பரீட்சை நாளை 20 முழு நாளா எடுத்துக்கிட்டோம். ஆக, வருஷத்துக்கு 200 முழு நாள் விற்பனை.

தம்பி கணக்குல வருஷத்துக்கு 312 நாள் இருந்தது. 112 நாள் விற்பனை காகிதத்துல மட்டும்தான் இருக்கு. ஆனா வாடகை? ஒப்பந்தத்துல 12 மாசம்னு தெளிவா போட்டிருக்காங்க. மே மாசம் கேட்டுக்குள்ள ஆள் இல்லன்னாலும் அஞ்சாம் தேதி வாடகை கட்டணும்.

இதனாலதான் கல்லூரி கேன்டீனுக்கு மாதக் கணக்குல பிரேக் ஈவன் போடவே கூடாதுன்னு நான் சொல்றேன். வருஷ நிலையான செலவு மொத்தத்தையும் எடுத்து, உண்மையில கடை ஓடுற நாட்களால வகுங்க. அப்பத்தான் ஒவ்வொரு வேலை நாளும் எத்தனை லீவு நாளைச் சுமக்குதுன்னு தெரியும்.

ரெண்டாவது தப்பு: எழுதாம விட்ட நிலையான செலவு

வாடகை 60,000-னு எழுதினார். கல்லூரியை நடத்துற அறக்கட்டளை ஜிஎஸ்டி பதிவு உள்ளது. அதனால வாடகைக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்து பில் வரும், அதாவது 70,800. "அதை நாம திரும்ப எடுத்துக்கலாமே அண்ணா, இன்புட் கிரெடிட் இருக்கே" அப்படின்னார். இருக்காது. கேன்டீன் சாப்பாட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, ஆனா அந்த 5 சதவீதத்துல இன்புட் கிரெடிட் எடுக்க முடியாது. வாடகை, கேஸ் சிலிண்டர், ஃப்ரீசர் எதுக்குக் கட்டின ஜிஎஸ்டியும் திரும்ப வராது. அது செலவுதான். வருஷம் 20 லட்சத்துக்குக் கீழ விற்பனை இருந்தா பதிவே வேண்டாம். ஆனா ஒரு நாள் 30,000 விக்கப் போறோம்னா வருஷம் 60 லட்சம். தப்பிக்க வழியில்ல.

அடுத்து சம்பளம். அவர் பட்டியல் இது: தோசை, பரோட்டா மாஸ்டர் 24,000, டீ மாஸ்டர் 20,000, ரெண்டு ஹெல்பர் 28,000, பாத்திரம் கழுவி மேசை துடைக்க ரெண்டு அக்கா 22,000, கல்லால உக்கார ஒருத்தர் 16,000. மொத்தம் 1,10,000. நான் கேட்டேன், "மாமா சம்பளம் எங்க தம்பி?"

"மாமாதானே அண்ணா, லாபத்துல பாத்துக்கலாம்."

இந்த வாக்கியத்தைக் குடும்பத் தொழில் ஒவ்வொண்ணுலயும் நான் கேக்கறேன். மாமா வெளிய வேலைக்குப் போனா மாசம் 30,000 கொடுக்க ஆள் இருக்கு. அந்த 30,000 இந்தத் தொழிலோட செலவு. அதை எழுதாம வர்ற லாபம் லாபம் இல்ல, மாமாவோட கூலி. நஷ்டம் வந்தா அந்தக் கூலியும் போகும், அடுத்த பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போற வழியும் போகும். அதனால சம்பளம் 1,40,000.

லீவு மாசத்துல ஆட்களை நிறுத்திடலாமேன்னு கேட்டார். ஒரு நல்ல தோசை மாஸ்டரை ரெண்டு மாசம் சும்மா அனுப்பினா அவர் வேற ஹோட்டல்ல சேர்ந்துடுவார், ஜூன்ல திரும்ப வர மாட்டார். அதனால 10 மாசம் முழுச் சம்பளம், 2 மாசம் பாதின்னு வெச்சோம். வருஷத்துக்கு 15,40,000.

கடைசியா அந்த 5 லட்சம் சாமான். மூணு வருஷம் கழிச்சு வித்தா 1,40,000 வரும்னு மாமாவே சொன்னார். மீதி 3,60,000 மூணு வருஷத்துல கரையும், வருஷத்துக்கு 1,20,000. இது தினமும் கையை விட்டுப் போற காசு இல்ல, ஆரம்பத்துலயே போன காசு. ஆனாலும் அந்தக் கல்லாப்பெட்டியில இருந்துதான் திரும்பி வரணும்.

இப்ப வருஷ நிலையான செலவைக் கூட்டுவோம்:

- வாடகை, ஜிஎஸ்டியோட: 8,49,600
- சம்பளம்: 15,40,000
- கரண்ட், தண்ணி, சில்லறை (10 மாசம்): 2,00,000
- சாமான் தேய்மானம்: 1,20,000
- மொத்தம்: 27,09,600

இதை 200-ஆல வகுத்தா ஒரு வேலை நாளைக்கு 13,548 ரூபாய். தம்பி போட்டது 7,300. காலையில ஷட்டரைத் தூக்கும்போதே 13,548 ரூபாய் கடனோடதான் நாள் ஆரம்பிக்குது.

மூணாவது தப்பு: "பாதி நிக்கும்"

உணவுத் தொழில்ல பாதிக்குப் பாதி லாபம்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு இருக்கு. அது டீக்குச் சரி. கேன்டீன்ல டீ மட்டுமா விக்கறோம்?

மாமாவை உக்கார வெச்சு ஒவ்வொரு பொருளா கேட்டோம். விலைப்பட்டியலைக் கல்லூரிதான் நிர்ணயிக்குது, ஜிஎஸ்டி உள்பட. அதனால முதல்ல அந்த வரி போகணும்.

டீ 12 ரூபாய். பால், தூள், சர்க்கரை, பேப்பர் கப், கேஸ், வரி எல்லாம் சேர்த்து 6 ரூபாய். பாதி நிக்குது. தோசை, பரோட்டா, வெரைட்டி ரைஸ் வகையில நூத்துக்கு 45 நிக்குது. மதியச் சாப்பாடு 60 ரூபாய். அரிசி, பருப்பு, எண்ணெய், ரெண்டு காய், மோர், கேஸ், வரி போக 20 ரூபாய்தான் நிக்குது, மூணுல ஒரு பங்கு. வெளிய இருந்து வாங்கி விக்கிற பப்ஸ், சிப்ஸ், பாட்டில் ஜூஸ்ல நூத்துக்கு 15.

இப்ப விற்பனையில எது எவ்வளவுன்னு தெரியணும். அதுக்குத் தம்பியும் மாமாவும் ரெண்டு நாள் அந்த கேன்டீன்லயே போய் உக்காந்து பார்த்தாங்க. நூறு ரூபாய் விற்பனையில டீ, காபி 20, டிபன் வகை 35, சாப்பாடு 25, வாங்கி விக்கிறது 20.

பெருக்கிப் பார்த்தா டீயில 10 ரூபாய், டிபன்ல 15.75, சாப்பாட்டுல 8.33, பப்ஸ் வகையில 3. மொத்தம் 37 ரூபாய். இதுல செஞ்சு மிஞ்சினதைக் கழிக்கணும். திடீர்னு ஒரு நாள் மழை, ஒரு நாள் ஸ்ட்ரைக், ஒரு நாள் எல்லாரும் கல்ச்சுரல்ஸுக்கு வெளிய போயிட்டாங்க. சாம்பாரை நாளைக்கு விக்க முடியாது. அதுக்கு நூத்துக்கு 3 ரூபாய்னு மாமாவே சொன்னார். ஆக நிக்கிறது 34 ரூபாய். 50 இல்ல.

உண்மையான பிரேக் ஈவன்

13,548-ஐ 0.34-ஆல வகுங்க. கிட்டத்தட்ட 39,850.

ஒரு நாளைக்கு 39,850 ரூபாய் வித்தாத்தான் லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல. தம்பி போட்டது 14,600. அவர் எதிர்பார்த்த விற்பனையே 30,000. அதாவது அவர் நினைச்சபடி எல்லாம் நடந்தாலும் நஷ்டம்தான். 30,000-க்கு 34 சதவீதம் 10,200. அது 200 நாளைக்கு 20,40,000. நிலையான செலவு 27,09,600. வருஷத்துக்கு 6,69,600 ரூபாய் ஓட்டை. காகிதத்துல 24 லட்சம் லாபம் காட்டின அதே தொழில்.

தம்பி கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்ப 40,000-க்கு மேல வித்துடலாம் அண்ணா, மாமா கைப்பக்குவத்துக்கு கூட்டம் வரும்" அப்படின்னார். மாமா கைப்பக்குவத்தை நான் சாப்பிட்டிருக்கேன், சந்தேகமே இல்ல. ஆனா இங்க ஒரு விஷயம் இருக்கு. பிரேக் ஈவன் போடற நிறைய பேர் இதைப் பார்க்கவே மாட்டாங்க.

அவ்வளவு பேருக்கு பில் போட முடியுமா?

ஒரு ஆள் ஒரு தடவை வந்தா சராசரி பில் 35 ரூபாய். 39,850 வேணும்னா ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,140 பில். கல்லூரியில கூட்டம் நாள் முழுக்க சமமா வராது. பெல் அடிச்சாத்தான் வரும். காலை இடைவேளை 20 நிமிஷம், மதியம் 45 நிமிஷம், சாயங்காலம் 15 நிமிஷம்.

ஒரு பில்லுக்குப் பத்து வினாடி. காசு வாங்கணும், இல்லன்னா ஜிபே சத்தம் வர்ற வரை காத்திருக்கணும், டோக்கன் கிழிக்கணும். நிமிஷத்துக்கு 6 பேர். 80 நிமிஷத்துக்கு 480 பேர். வகுப்புக்கு முன்னாடி, ஃப்ரீ பீரியட்ல, சாயங்காலம் பஸ் வர்றவரைன்னு இன்னொரு 250 பேர். மொத்தம் 730 பில். 35-ஆல பெருக்கினா 25,550 ரூபாய்.

ஆக, ஒரு கல்லாவை வெச்சுக்கிட்டு அந்த இடத்துல 26,000-க்கு மேல விக்கிறதே கஷ்டம். கூட்டம் இருக்கும், ஆனா வரிசையைப் பார்த்துட்டுப் பாதிப் பேர் வகுப்புக்குத் திரும்பிடுவாங்க. ரெண்டாவது கல்லா போடலாம். அதுக்கு ஒரு ஆள் சம்பளம், அது நிலையான செலவு, பிரேக் ஈவன் இன்னும் மேல போகும். கல்லா வேகமானா அடுத்து தோசைக்கல் நிக்கும்.

பிரேக் ஈவன் எண்ணைப் போட்டதும் அதை ரூபாயா விட்டுடாதீங்க. எத்தனை பில், எத்தனை தட்டு, எத்தனை நிமிஷம்னு மாத்திப் பாருங்க. அந்த இடத்தால செய்ய முடியாத எண்ணா இருந்தா, அது இலக்கு இல்ல, எச்சரிக்கை.

பால்காரர் சொன்ன உண்மை

பழைய விற்பனை எவ்வளவுன்னு கல்லூரியில கேட்டா "நல்லா போகும் சார்"-ம்பாங்க. பழைய காண்டிராக்டர் சொல்ல மாட்டார். இங்கதான் மாமாவோட அனுபவம் கை கொடுத்தது. அவர் நேரா அந்த கேன்டீனுக்குப் பால் போடறவரைப் பிடிச்சார். ஒரு நாளைக்கு 27 லிட்டர்னு தெரிஞ்சது.

ஒரு லிட்டர் பாலுக்குச் சுமார் 16 டீ. 27 லிட்டருக்கு 432 டீ. 12 ரூபாய் வெச்சு 5,184. விற்பனையில டீயோட பங்கு 20 சதவீதம்னு நேர்ல பார்த்தோம் இல்லையா, அப்ப மொத்த விற்பனை ஐந்து மடங்கு, ஏறக்குறைய 26,000. கல்லா கணக்கும் பால் கணக்கும் ஒரே இடத்துல வந்து நின்னுது. இது துல்லியமான தணிக்கை இல்ல. தயிர் உறை ஊத்தப் பால் எடுத்திருந்தா எண் குறையும், டீயைத் தண்ணியா போட்டிருந்தா கூடும். ஆனா 30,000-மா 40,000-மா 26,000-மான்னு தெரிஞ்சுக்க இது போதும்.

26,000 விற்பனையில, 60,000 வாடகையில, நஷ்டம் எவ்வளவு? நிக்கிறது 17,68,000. செலவு 27,09,600. ஓட்டை 9,41,600. இதுல தேய்மானத்தைக் கழிச்சாலும் கையில இருந்து போறது 8,21,600. தம்பி சம்பளத்துல 13 மாசம். ஒரு வருஷம் முழுக்க ஆபீஸுக்குப் போய், வாங்கின சம்பளத்தை அப்படியே கொண்டு வந்து கேன்டீன் கல்லாவுல போட்டாலும் போதாது.

கணக்கைத் திருப்பிப் போடுங்க

டெண்டர்ல உங்க கையில இருக்கிற ஒரே எண் வாடகைதான். விலையைக் கல்லூரி சொல்லுது, நாட்களைக் காலண்டர் சொல்லுது, பருப்பு விலையைச் சந்தை சொல்லுது. அதனால வாடகையை முதல்ல எழுதிட்டு "எவ்வளவு விக்கணும்"னு கேக்கறது தலைகீழ். "இவ்வளவுதான் விக்கும், அப்ப எவ்வளவு வாடகை தாங்கும்"னு கேக்கணும்.

30,000 விக்கும்னு வெச்சுக்கிட்டா நிக்கிறது 20,40,000. வாடகை தவிர மத்த நிலையான செலவு 18,60,000. மீதி 1,80,000, மாசம் 15,000. அதுல ஜிஎஸ்டியைப் பிரிச்சா வாடகை 12,700. அதுவும் லாபம் பூஜ்யம்னு ஒத்துக்கிட்டா.

26,000-க்கு? நிக்கிறது 17,68,000, மத்த செலவு 18,60,000. வாடகையே வேண்டாம்னு கல்லூரி சொன்னாலும் 92,000 இடிக்குது.

இதைச் சரி பண்ண ஒரு வழி இருக்கான்னு பார்த்தோம். மதியச் சாப்பாட்டை 60-ல இருந்து 65 ஆக்கினா, வரி போக சாப்பாட்டுக்கு 4.76 கூட நிக்கும். ஒரு நாளைக்கு 108 சாப்பாடு, 200 நாள், ஏறக்குறைய 1,03,000. சாப்பிடறவங்க குறையாம இருந்தா, அஞ்சு ரூபாய் அந்த 92,000 ஓட்டையை அடைச்சிடுது. ஆனா அப்பவும் வாடகை கொடுக்க ஒண்ணும் இல்ல. மாமாவுக்குச் சம்பளம் கிடைக்கும், தம்பி போட்ட முதலுக்கு வட்டிகூடக் கிடைக்காது. சுருக்கமா, அந்த விலைப்பட்டியல்ல, அத்தனை ஆட்களை வெச்சுக்கிட்டு, அந்த கேன்டீன் வாடகை தாங்குற தொழிலே இல்ல.

அப்ப மத்தவங்க எப்படி எடுக்கறாங்க?

இதுதான் தம்பி கேட்ட கடைசிக் கேள்வி. இங்கதான் என் கருத்தைச் சொல்றேன், கோபம் வந்தாலும் பரவாயில்ல.

9,41,600 ஓட்டையை வருஷ விற்பனை 52 லட்சத்தால வகுங்க. நூறு ரூபாய்க்கு 18 ரூபாய். வாடகை குறையாது, விலை ஏறாது, நாள் கூடாது. ஆளைக் குறைச்சா வரிசை நீளும். காண்டிராக்டர் கையில மிச்சம் இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, தட்டு. பருப்பு குறையும், சாம்பார் தண்ணியாகும், எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும், டீயில பால் ஒரு விரல் இறங்கும். கழுவற அக்காவுக்கு ரெண்டு மாசச் சம்பளம் நிக்கும். நாம படிச்ச கல்லூரியில கேன்டீன் சாப்பாடு ஏன் அப்படி இருந்ததுன்னு இப்ப யோசிச்சுப் பாருங்க. சமைக்கத் தெரியாம இல்ல. அதிக வாடகை எழுதினவருக்குக் கொடுத்தாங்க, அந்த வாடகையை நாம சாப்பிட்டோம்.

கல்லூரிகளுக்கு என் கோரிக்கை சின்னது. மாச வாடகையைப் போட்டி போட வைக்காதீங்க. விற்பனையில ஒரு பங்கு வாங்குங்க. பரீட்சை மாசத்துல வாடகை தானா குறையும், மே மாசம் பூஜ்யமாகும். நிலையான செலவு மாறும் செலவா மாறினா பிரேக் ஈவன் கீழ வரும், தட்டுல கை வைக்க வேண்டிய அவசியமும் குறையும். அந்தப் பங்கு எவ்வளவுங்கறதையும் 26,000 மாதிரி உண்மையான எண்ணை வெச்சுத்தான் முடிவு பண்ணணும். இல்லன்னா அதுவும் இன்னொரு 60,000 ஆயிடும்.

உங்களுக்குச் சொல்றது இதுதான். டெண்டர் ஃபார்ம்ல எண்ணை எழுதறதுக்கு முன்னாடி வருஷத்துல எத்தனை நாள் கடை ஓடும்னு காலண்டரை வாங்கி எண்ணுங்க. வீட்டு ஆள் சம்பளத்தை முதல் வரியில எழுதுங்க. பொருள் பொருளா என்ன நிக்குதுன்னு சமைக்கிறவர்கிட்ட உக்காந்து கேளுங்க. பால்காரரைப் பாருங்க. கடைசியில வர்ற பிரேக் ஈவனை விட உங்க எதிர்பார்ப்பு கால் பங்காவது மேல இல்லன்னா விட்டுடுங்க. அந்தக் கால் பங்குதான் ஒரு வாரம் மழை பெஞ்சாலும், வெங்காயம் விலை ஏறினாலும் உங்களைக் காப்பாத்தும்.

தம்பி டெண்டர் போடல. மாமா ஒரு மாசம் என்மேல வருத்தத்துல இருந்தார், "உங்க சிஏ பேச்சைக் கேட்டு நல்ல சான்ஸை விட்டுட்டோம்"னு வீட்டுல சொல்லிக்கிட்டு இருந்தாராம். போன வாரம் தம்பி போன் பண்ணினார். அந்த கேன்டீனை வேற ஒருத்தர் 55,000-க்கு எடுத்திருக்கார். "மாமா நேத்து அங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்தார் அண்ணா."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. லிட்டருக்கு இருபத்திரண்டு டீ போடறாங்கன்னு மட்டும் சொன்னார்."